சம்பளக் கணக்கிலிருந்து யூபிஐயை எடுத்த பிறகு

போன ஆகஸ்ட் 20ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு, குரோம்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது இரண்டு எஸ்.எம்.எஸ். வந்தன. தவணையில் வாங்கிய போனுக்கான 2,150 ரூபாயை என் கணக்கிலிருந்து எடுக்க முடியவில்லை என்றது முதலாவது. அதற்காக வங்கி 590 ரூபாய் பிடித்துக்கொண்டது என்றது இரண்டாவது. ஐநூறு ரூபாய் அபராதம், 90 ரூபாய் ஜிஎஸ்டி. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு ஒரு பவுன்ஸ் சார்ஜ் போட்டது. அது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

அந்த மாதம் ஊதாரித்தனமாக எதுவும் செலவு செய்யவில்லை. கையில் வரும் சம்பளம் 46,200. வீட்டில் அம்மா, பாலிடெக்னிக் படிக்கும் தம்பி, நான். வாடகையைக் கொடுத்துவிட்டேன், அம்மாவுக்கு மளிகைப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். மீதி எவ்வளவு என்று பார்க்காமல் பத்தும் இருபதுமாக, இருநூறும் முன்னூறுமாக ஸ்கேன் செய்துகொண்டே இருந்திருக்கிறேன். கணக்கில் ஒரே ஒரு தொகைதான் தெரிகிறது. 15ஆம் தேதி அங்கே 6,000 இருந்தால் அது 6,000 என்றுதான் கண்ணுக்குப் படும். அதில் 2,150 போன் தவணைக்கு, 1,900 கரண்ட் பில்லுக்கு என்று எதிலும் எழுதியிருக்காது. இதைச் சரி செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து, வீடு, செலவு, சேமிப்பு என்று சம்பளத்தை மூன்று கணக்காகப் பிரித்தேன். முதல் முறை தவறாகப் பிரித்தேன். இரண்டாவது முறை பிரித்தது ஒன்பதாவது மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையுமே எழுதுகிறேன். முதல் முறை நான் செய்ததைத்தான் பெரும்பாலும் எல்லாரும் முதலில் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் முயற்சி: வாடகைக்குப் புதுக் கணக்கு

சம்பளம் வரும் கணக்கில்தான் யூபிஐ, டெபிட் கார்டு எல்லாம் இருந்தன. அதனால் அதையே செலவுக் கணக்காக வைத்துக்கொண்டு, வாடகைக்கென ஒரு தனியார் வங்கியில் புதிதாக ஒரு கணக்கைப் போனிலேயே தொடங்கினேன். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி சம்பளக் கணக்கிலிருந்து 14,500 தானாக அங்கே போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டேன். 4ஆம் தேதி அங்கிருந்து ஹவுஸ் ஓனருக்கு அனுப்புவதாகத் திட்டம்.

செப்டம்பர், அக்டோபர் நன்றாகவே போயின. நவம்பரில் மாறியது. எங்கள் அலுவலகத்தில் சம்பளம் மாதத்தின் கடைசி வேலை நாளில் வரும் என்பது பேச்சுக்குத்தான். நடுவில் சனி, ஞாயிறு வந்தால் அடுத்த மாதம் 2, 3 என்று தள்ளிப்போகும். 1ஆம் தேதி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடியபோது கணக்கில் பணம் இல்லை. அது தோற்றுப்போனது, மறுபடியும் முயலவும் இல்லை. 2ஆம் தேதி சம்பளம் வந்தது. வாடகைப் பணம் அந்தப் பக்கம் போயிருக்கும் என்று நம்பிக்கொண்டு நான் இந்தப் பக்கம் செலவு செய்துகொண்டிருந்தேன். தீபாவளி நேரத்து வேலையில் 4ஆம் தேதி வாடகை அனுப்புவதையும் மறந்துவிட்டேன். 6ஆம் தேதி சாயங்காலம் ஹவுஸ் ஓனர் அங்கிள் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த மாசம் இன்னும் வரலையே, ஊர்ல இல்லையா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. ஆனால் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே வாரம் இன்னொரு அடி. புதுக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்திருந்தார்கள். ஒரு மாதம் முன்பே எச்சரித்து எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது, நான்தான் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி, அபராதம் போடுவதற்கு முன் தகவல் சொல்லி ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ். அதுதான்.

'மாதச் சராசரி இருப்பு 10,000' என்பதை, மாதத்தில் ஒரு நாளாவது பத்தாயிரம் இருந்தால் போதும் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். அது தப்பு. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருக்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். என் வாடகைக் கணக்கில் 1, 2, 3 தேதிகளில் தலா 15,000 இருந்தது. வாடகை போன பிறகு மீதி 27 நாளும் 500 ரூபாய்தான். மூன்று நாளுக்கு 45,000, இருபத்தேழு நாளுக்கு 13,500, மொத்தம் 58,500. முப்பதால் வகுத்தால் 1,950. பத்தாயிரம் எங்கே, இது எங்கே. வாடகைக் கணக்கு என்பது பணம் வந்து மூன்றே நாளில் வெளியேறும் இடம். குறைந்தபட்ச இருப்பு கேட்கும் வங்கியில் அந்த மாதிரி ஒரு கணக்கை வைத்தால் மாதாமாதம் தண்டம்தான்.

அந்தக் கணக்கை மூடிவிட்டேன். கிளைக்குப் போய் படிவம் எழுதி, கார்டையும் செக் புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மதிய நேரம் போனது.

இரண்டாவது முறை: எது நகர வேண்டும், எது நகரக் கூடாது

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியை எழுதினேன். ஒரு மாதம் டிரான்ஸ்ஃபர் தோற்றுப்போனால் எந்தப் பணம் போய்ச் சேராதது எனக்கு அதிகமாக வலிக்கும்? வாடகை, அதற்கடுத்து போன் தவணை. சேமிப்பு இரண்டு நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது. செலவுப் பணம் வராவிட்டால் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிடும், கையால் அனுப்பிக்கொள்ளலாம். அப்படியானால் வாடகையும் தவணையும் சம்பளம் வந்து விழும் இடத்திலேயே இருக்க வேண்டும், மற்றவைதான் அங்கிருந்து கிளம்ப வேண்டும். முதல் முறை நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்திருந்தேன்.

ஆக, சம்பளக் கணக்கே வீட்டுக் கணக்கு ஆனது. தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளக் கொடுத்த மேண்டேட் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது, அதைத் தொடத் தேவையில்லை. சம்பளக் கணக்கு என்பதால் குறைந்தபட்ச இருப்புத் தொல்லையும் இல்லை. (வேலை மாறும்போது கவனிக்க வேண்டும். சில மாதம் தொடர்ந்து சம்பளம் வராவிட்டால் அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுவார்கள், குறைந்தபட்ச இருப்பு விதி அப்போது வந்து ஒட்டிக்கொள்ளும்.)

பிறகு அந்தக் கணக்கிலிருந்து யூபிஐயை எடுத்தேன். இந்த ஏற்பாடு முழுவதிலும் அதிக வேலை செய்தது இந்த ஒன்றுதான். என் போனில் இரண்டு யூபிஐ ஆப்கள் இருந்தன. ஒன்றில் கணக்கை நீக்கினால் மற்றொன்றில் தானாகப் போகாது, இரண்டிலும் தனித்தனியாக நீக்க வேண்டும். நீக்குவதற்கு முன் ஆட்டோபே பட்டியலைப் பார்த்ததில், தம்பி எப்போதோ போட்ட ஒரு சினிமா ஆப் சந்தா அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ரத்து செய்துவிட்டு, செலவுக் கணக்கில் புதிதாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். என் போன் நம்பருக்கு யாராவது பணம் அனுப்பினால் எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்பதையும் செலவுக் கணக்குக்கு மாற்றினேன். இதை முதலில் மறந்துவிட்டு, தோழி கொடுத்த சாப்பாட்டுப் பங்கு வேறு கணக்கில் விழுந்து இரண்டு வாரம் கணக்கு உதைத்தது.

செலவுக் கணக்குக்கு, என் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஏடிஎம் இருக்கும் வங்கியாகப் பார்த்தேன். அம்மா ரொக்கத்தில்தான் வாங்குவார். காய்கறிக்காரர், மளிகைக் கடை, தண்ணீர் கேன் எல்லாமே அவருக்குக் காசுதான். வாரம் ஒரு முறை எடுத்தால் மாதத்துக்கு ஐந்து முறை. சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம், சென்னை மாதிரி மாநகரங்களில் வேறு வங்கி ஏடிஎம் என்றால் மூன்று முறைதான். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கட்டணம். ஐந்து என்ற எண் அப்படியே பொருந்தியது.

சேமிப்புக்குக் கல்லூரிக் காலத்தில் ஒரு பொதுத்துறை வங்கியில் தொடங்கிய கணக்கு தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நாமாக எதுவும் செய்யாவிட்டால் கணக்கைச் செயலற்றது என்று வைத்துவிடுவார்கள். ஆதார், பான் இரண்டையும் கொண்டுபோய் கேஒய்சி புதுப்பித்துக் கொடுத்ததும் உயிர் வந்தது, அதற்குக் கட்டணம் இல்லை. பல பொதுத்துறை வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு அபராதமே இப்போது கிடையாது. எஸ்பிஐ 2020இல் எடுத்தது, நம் ஊர் இந்தியன் வங்கி 2025 ஜூலையில் எடுத்தது. இந்தக் கணக்கை எந்த யூபிஐ ஆப்பிலும் சேர்க்கவில்லை. அதன் டெபிட் கார்டில் ஆன்லைன் பயன்பாட்டை வங்கி ஆப்பிலேயே அணைத்துவிட்டு, கார்டை அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டேன்.

எண்கள்

வீட்டுக் கணக்கில் தங்க வேண்டியது இவ்வளவு: வாடகை 14,500, மெயின்டனன்ஸ் 1,000, கரண்டுக்கு 1,200, இன்டர்நெட் 700, கேஸ் சிலிண்டருக்கு 600, மூன்று பேர் ரீசார்ஜ் 600, போன் தவணை 2,150. கூட்டினால் 20,750. நான் 21,500 என்று வைத்தேன்.

கரண்டும் கேஸும் மாதாமாதம் வருவதில்லை. நம் ஊரில் கரண்ட் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சிலிண்டர் எங்களுக்கு ஒன்றரை மாதம் வரும். பழைய கரண்ட் பில்களைப் பார்த்ததில் சாதாரண நாட்களில் 1,900, கோடையில் 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறும்போது 3,100 வரை. அதனால்தான் மாதம் 1,200. பில் வராத மாதத்தில் அந்த 1,200 கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் பில் இல்லாத மாதம் எனக்குப் பணம் மிச்சம் இருப்பது போலத் தோன்றும், செலவாகிவிடும். இப்போது அந்தக் கணக்கை ஸ்கேன் செய்ய வழியில்லாததால் அது அங்கேயே இருக்கிறது.

சேமிப்புக்கு 8,000. இதில் 5,500 அதே வங்கியில் ஒரு ஆர்.டி.க்குப் போகிறது. மீதி 2,500 பாஸ்புக்கில் தங்குகிறது, அது வருஷச் செலவுக்கு. இன்ஷூரன்ஸ் பிரீமியம் 9,600, வண்டி இன்ஷூரன்ஸ் 1,600, தீபாவளிக்கு 12,000, ஊர்க் கோயில் கொடைக்கு 6,000, மொத்தம் 29,200. பன்னிரண்டால் வகுத்தால் 2,433. ஆர்.டி. தனியாக இருப்பதால் பாஸ்புக் இருப்பே வருஷச் செலவு நிதியாகிவிடுகிறது, தனியாக எழுதிவைக்கத் தேவையில்லை.

மீதி 16,700 செலவுக்கு. இதை மொத்தமாக மாற்றியிருந்தால் 20ஆம் தேதி பழைய கதைதான். வாரமாகப் பிரித்தேன். ஆனால் 'ஒவ்வொரு திங்களும்' என்று வைத்தால் சில மாதங்களில் ஐந்து திங்கள் வந்து கணக்கு இடிக்கும். அதனால் தேதியாக வைத்தேன். 1, 8, 15, 22 தேதிகளில் 3,900 வீதம், 29ஆம் தேதி கடைசி இரண்டு மூன்று நாளுக்கு 1,100. நான்கு 3,900 என்றால் 15,600, அதோடு 1,100 சேர்ந்தால் 16,700. ஒவ்வொரு 3,900இலும் அம்மாவுக்கு 2,100 ரொக்கம், எனக்கும் தம்பிக்கும் 1,800. கடைசி 1,100இல் அம்மாவுக்கு 600. பிப்ரவரியில் 29 இல்லை. அந்த 1,100ஐச் சேமிப்புக்கு அனுப்பினேன்.

1ஆம் தேதி சம்பளம் வராவிட்டாலும் 3,900 போக வேண்டுமே. அதற்காகத் தீபாவளி போனஸிலிருந்து 5,000 ரூபாயை வீட்டுக் கணக்கில் அசையாமல் போட்டு வைத்தேன். அதை எதற்கும் எடுப்பதில்லை, தேதி தள்ளிப்போவதைத் தாங்குவதற்கு மட்டும். சேமிப்புக்கான 8,000ஐ 5ஆம் தேதிக்குத் தள்ளினேன், ஆர்.டி. 10ஆம் தேதி. வாடகையை மட்டும் 4ஆம் தேதி நானே அனுப்புகிறேன், போனில் அலாரம் வைத்து.

ஓடிய மாதங்கள்

டிசம்பரில் தொடங்கினேன். முதல் மாதம் 12ஆம் தேதியே 1,800 தீர்ந்துவிட்டது. மூன்று நாள் தம்பியிடம் ஸ்கேன் செய்யாதே என்று சொல்ல வேண்டியிருந்தது. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பற்றாக்குறை 12ஆம் தேதி மூன்று நாளுக்கு வந்தது. முன்பு அதுவே 20ஆம் தேதி பத்து நாளுக்கு வரும். மூன்று நாளை டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டுபோய்ச் சமாளித்துவிடலாம்.

ஜனவரியில் யூபிஐ லைட் போட்டேன், கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்துச் சின்னச் சின்னத் தொகைகளைக் கொடுக்கும் வசதி அது. டீ, ஷேர் ஆட்டோ எல்லாம் அதில் போனதால் ஸ்டேட்மென்ட் சுத்தமாகிவிட்டது. ஆனால் எதற்குப் போனது என்றே தெரியவில்லை, பாஸ்புக்கில் 500 ஏற்றியது மட்டும்தான் வரும். வாரத்துக்கு ஒரு முறைதான் 500 ஏற்றுவது என்று வைத்துக்கொண்டதும் சரியானது.

மார்ச்சில் சித்தப்பா பெண் கல்யாணம். மொய்க்கும் பயணத்துக்கும் 3,000 தேவைப்பட்டது. பீரோவைத் திறந்து கார்டை எடுத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போனேன். போகும் வழியெல்லாம், இது வருஷச் செலவுப் பட்டியலில் இருந்திருக்க வேண்டியது என்று யோசித்துக்கொண்டே போனேன். மூன்று கல்யாணமாவது வருடத்தில் வரும். அடுத்த பட்டியலில் மொய் என்று ஒரு வரி இருக்கும். எடுத்ததற்காக வருத்தமில்லை. சேமிப்பிலிருந்து திரும்ப எடுத்தது இந்த ஒன்பது மாதத்தில் அந்த ஒரு முறைதான். மாதாமாதம் எடுக்க வேண்டி வந்திருந்தால், 8,000 என்ற எண்ணே எனக்குப் பெரிது என்று குறைத்திருப்பேன்.

ஜூனில் கரண்ட் பில் 3,100 வந்தது. வீட்டுக் கணக்கில் அதற்குரிய பணம் இருந்தது. கட்டினேன். அவ்வளவுதான்.

இதில் நான் கையால் செய்யும் வேலை மாதத்துக்கு இரண்டு. 4ஆம் தேதி வாடகை. 6ஆம் தேதி காலை ரயிலுக்கு நிற்கும்போது, சேமிப்பு வங்கியிலிருந்து 8,000 வரவு என்ற எஸ்.எம்.எஸ். இருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் தோற்றால் சத்தமில்லாமல் தோற்கும் என்பதை நவம்பரில் பார்த்துவிட்டேன். போனதற்கான எஸ்.எம்.எஸ்.ஸை நான் நம்புவதில்லை, போய்ச் சேர்ந்ததற்கான எஸ்.எம்.எஸ்.தான் கணக்கு. வரவில்லையென்றால் அங்கேயே நின்று கையால் அனுப்பிவிடுவேன். ஆன்லைன் நெஃப்ட்டுக்குச் சேமிப்புக் கணக்குக்காரர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, எந்த நாளும் எந்த நேரமும் போகும்.

சம்பளம் மாதம் ஒரு முறை ஒரே தொகையாக வருவதால்தான் இது எனக்கு ஓடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் டாக்சி ஓட்டுகிறார், அவருக்குத் தினம் வேறு தொகை வருகிறது. அவர் என் எண்களைக் கேட்டபோது தேதிகளை விட்டுவிட்டு, யூபிஐ இல்லாத கணக்கில் வாடகையைச் சேர்ப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தினம் இரவு 500 அங்கே தள்ளுகிறார்.

ஜூலையோடு போன் தவணை முடிந்தது. அதே வாரம் அங்கிள் வந்து, அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது வாடகை ஆயிரம் கூடும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு நோட்டை எடுத்தேன். 2,150 விடுபட்டது, அதில் 1,000 வாடகைக்கு. மீதி 1,150. அதை அப்படியே சேமிப்புக்கு அனுப்பலாம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்.

"எனக்கு வாரத்துக்கு நூறு கூட்டிக் குடும்மா. எண்ணெய் விலையெல்லாம் ஏறிப்போச்சு."

"இத்தனை நாளா ஏன் கேக்கல?"

"நீதான் எழுதி வெச்சிருந்தியே."

நான்கு வாரத்துக்கு 400 அம்மாவுக்கு, 750 சேமிப்புக்கு. வீட்டுக் கணக்கு 20,350, சேமிப்பு 8,750, செலவு 17,100. கூட்டிப் பார்த்தேன், 46,200 வந்தது. ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனில் தொகையைத் திருத்தும் வசதி என் வங்கி ஆப்பில் இல்லை. 3,900 நான்கையும் ரத்து செய்து 4,000 நான்காகப் புதிதாகப் போட்டேன், 8,000 போய் 8,750 வந்தது. வரும் 8ஆம் தேதி அம்மாவின் கையில் 2,200 கொடுக்க வேண்டும்.